தட்டில் போடுங்க

மேடவாக்கத்தில் யேசுதாசன் டீக்கடையை ஒட்டினாற்போல் என் ஜெராக்ஸ் கடை. காலை நேரத்தில் எவனும் ஜெராக்ஸ் எடுக்க வரமாட்டான். அதனால் நான் டீயைக் கையில் பிடித்துக்கொண்டு மெட்டில்டா வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சொல்லப்போனால் அது ஒரு வித்தை.

யேசுதாசன் டீ மட்டும் போடுவார். வடையும் பஜ்ஜியும் முட்டை போண்டாவும், கூடவே கல்லாவும், மெட்டில்டா பொறுப்பு. ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் பல வருஷம் இருந்தவள். வடைக்கும் பஜ்ஜிக்கும் ஒரு இடுக்கி, முட்டை போண்டாவுக்குச் சிவப்பு நூல் சுற்றிய இன்னொரு இடுக்கி. இரண்டும் இடம் மாறி நான் பார்த்ததில்லை. காசை யார் நீட்டினாலும், "தட்டுல போடுங்க" என்பாள். முன்னால் ஒரு எவர்சில்வர் தட்டு இருக்கும். சில்லறை கொடுக்க வேண்டியிருந்தால் இடுக்கியை வைத்துவிட்டு, எடுத்துக் கொடுத்துவிட்டு, பின்னால் திரும்பி டிரம் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்த பிறகுதான் மறுபடி இடுக்கியைத் தொடுவாள். கழுவாத கையோடு பிடித்தால் பிடியில் அழுக்கு ஒட்டும், அப்புறம் கழுவியும் பிரயோஜனம் இல்லை என்பாள்.

எதிர்க்கடைக்காரர் கையுறை போட்டிருப்பார். அதே கையுறையோடு நோட்டு எண்ணுவார், மூக்கைச் சொறிவார், பஜ்ஜியும் எடுத்துக் கொடுப்பார். அவர் கையாவது சுத்தமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் அந்தப் பழி வந்தது.

எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த தூய்மைப் பணியாளர் சுகுமார். முப்பது வயதிருக்கும். ஒருநாள் காலை பெருக்கி முடித்துவிட்டு, துடைப்பத்தைக் கம்பத்தில் சாய்த்துவிட்டு வந்தான். அவனுக்கு முன்னால் ஐ.டி. பையன்கள் மூன்று பேர். போனை நீட்டினார்கள், கல்லா மேலிருந்த பெட்டி 'பணம் வந்தது' என்று கத்தியது, மெட்டில்டா இடுக்கியால் வடை எடுத்துக் கொடுத்தாள். அடுத்தது சுகுமார். ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டினான்.

"தட்டுல போடுங்க, தம்பி."

போட்டான். அவள் சில்லறை எடுத்துத் தந்தாள். திரும்பிச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். இடுக்கியால் வடையை எடுத்துத் தாளில் வைத்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"அவங்களுக்குக் கை கழுவல. நான் குட்த்த காச தொட்டதும் கழுவுற. இன்னாக்கா இது?"

மெட்டில்டாவுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ தம்பி, காசத் தொட்டா யாரா இருந்தாலும்…"

"எங்கம்மாவுக்கு ஒரு வூட்ல சம்பளத்த வாசப்படியில வச்சிட்டு உள்ள பூடுவாங்க. எனக்கு எல்லாம் தெரியும்க்கா. வடைய நீயே வச்சிக்கோ."

போய்விட்டான்.

அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவன் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னான். இப்போது வசதியானவன் எவன் நோட்டைத் தொடுகிறான்? எல்லாம் போன். கையில் காசோடு வருவது கொத்தனாரும், வீட்டு வேலைக்குப் போகும் அக்காக்களும், தெரு பெருக்குகிறவர்களும்தான். அப்படியானால் மெட்டில்டா கழுவுவதும் அவர்களுக்குப் பிறகு மட்டும்தானே? அவள் மனசில் ஒன்றுமில்லை. ஆனால் பார்க்கிறவன் கண்ணுக்கு அது வேறு மாதிரித்தான் தெரியும்.

அன்று முழுக்க அவள் சரியாகப் பேசவில்லை. "ஊர்ல எவ எவளோ அப்படிப் பண்ணுவா. என்னைப் போய் அதுல சேர்த்துட்டுப் போயிட்டாரே" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். கண் கலங்கியிருந்தது.

யேசுதாசன் சமாதானம் சொன்னார். "இதுக்கு ஏன் பேஜாராவுற? நாளைக்கு அவன் வந்தா கையில வாங்கிக்கோ. அவனுக்கு மட்டும் கழுவாம குடுத்துடு. முடிஞ்சுது விஷயம்."

மெட்டில்டா வெடுக்கென்று திரும்பினாள். "அவருக்கு மட்டும் அழுக்குக் கையால குடுக்கணுமா அண்ணா? அதுதான் மரியாதையா?"

யேசுதாசன் டீயை ஆற்றுவதில் மும்முரமாகிவிட்டார்.

மறுநாள் காலை வந்து பார்த்தால், போனைக் காட்டிப் பணம் கட்டும் அட்டையின் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. கத்துகிற பெட்டியையும் அணைத்துவிட்டாள். பின்னால் இருந்த தண்ணீர் டிரம்மை யேசுதாசனும் நானும் மூச்சுத் திணற முன்பக்கம் தள்ளி வைத்தோம். அதன் மேல் சோப்பு டப்பா.

"இன்னிக்கு காசு மட்டும்தான்" என்றாள் வருகிறவர்களிடம் எல்லாம்.

ஐ.டி. பையன்கள் பர்ஸைத் துழாவினார்கள். ஒருத்தன் என்னிடம் கடன் வாங்கினான். ஒவ்வொருத்தரிடமும் அதே "தட்டுல போடுங்க." ஒவ்வொரு சில்லறைக்கும் பிறகு கை கழுவல். வழக்கமாக நாலு பேருக்குத் தின்பதைக் கொடுத்துவிட்டு, காசை மொத்தமாகப் பார்த்து ஒரே தடவை கழுவுகிறவள், அன்று ஆளுக்கு ஒரு தடவை கழுவினாள். வரிசை எங்கள் கடை வாசலைத் தாண்டியது. யேசுதாசன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

சுகுமார் எதிர்ப்பக்கம் பெருக்கிக்கொண்டிருந்தான். பார்க்காத மாதிரி பார்த்தான்.

அப்போதுதான் ஷ்யாம்சுந்தர் வந்தார். பக்கத்து அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர். காரைப் பாதி ரோட்டில் நிறுத்திவிட்டு, வரிசையைக் கண்டுகொள்ளாமல் முன்னால் போய் ஐந்நூறு ரூபாய் நோட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"தட்டுல போடுங்க, சார்."

"வாட்? கையில வாங்க மாட்டியா?"

"எல்லாருக்கும் தட்டுதான், சார்."

முணுமுணுத்துக்கொண்டே போட்டார். சில்லறை கொடுத்துவிட்டு அவள் முன்னால் வந்து, அவர் கண்ணெதிரே, சோப்பை நுரைக்க நுரைக்கத் தேய்த்து, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் கழுவினாள்.

"என் பணத்தைத் தொட்டதுக்கா இவ்ளோ கழுவற? ஐ ஃபீல் இன்சல்டட்!"

தெருவுக்கு அந்தப் பக்கம் துடைப்பச் சத்தம் நின்றது. சுகுமார் ரோட்டைக் கடந்து வந்தான்.

"சார், கோச்சிக்காத" என்றான் அவரிடம். "அக்கா எல்லார்கிட்டயும் அப்டித்தான். காசு அழுக்கா கீதுல்ல? நாம இல்ல."

சிரித்த முதல் ஆள் யேசுதாசன். ஷ்யாம்சுந்தர் வடையை வாங்கிக்கொண்டு காருக்கு நடந்தார்.

சுகுமார் தட்டில் ஐம்பது ரூபாய் நோட்டைப் போட்டான். அவள் சில்லறை தந்தாள். பிறகு அவன் டிரம்மைப் பார்த்தான், தன் உள்ளங்கைகளைப் பார்த்தான்.

"அக்கா, நானும் கழுவிக்கவா? தெரு முச்சூடும் பெருக்குறேன். எந்தக் கடையிலயும் குழாயத் தொட வுடமாட்டான்."

"இதுக்கு ஏன் கேக்குற? உனக்குந்தான் முன்னாடி கொண்டாந்து வச்சேன்."

முழங்கை வரைக்கும் நிதானமாகக் கழுவினான். சோப்பில் கறுப்பு நுரை வழிந்தது. அவள் சில்லறை தொட்ட கையோடு அவனுக்குப் பின்னால் நின்றாள். முடித்ததும் சோப்பைத் தண்ணீரில் அலசி, டப்பாவில் வைக்கப் போனான்.

"அங்க ஏன் வைக்கிற?" என்று அவள் கையை நீட்டினாள். "குடு."

அவன் ஒரு கணம் தயங்கினான். அவள் விரல்கள் அவன் ஈரக் கையைப் பற்றி, சோப்பை எடுத்துக்கொண்டன.

நேற்றைய வடைக்கும் சேர்த்து இன்று இரண்டு வடை கொடுத்தாள், இடுக்கியால்தான்.