வாடகைக்கு இருந்தது நான்

"குடியிருந்தது நான்னு என் பேர்லயே எழுதிக் குடுங்க சார்."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று மாமா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கடைக்குள் நுழைந்ததும் அவள் கேட்ட முதல் வார்த்தையே அதுதான். மாமா தலையில் கைவைத்துக்கொண்டார்.

வீட்டுக்காரருக்கு எலக்ட்ரிக் சாமான் கடை. தொங்குகிற விசிறிகளுக்குக் கீழே, ஒயர் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்து பல்பைச் சோதித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அக்ரிமென்ட் உன் மாமா பேர்ல இல்ல இருக்கு?"

"தனியா இருக்கற பொண்ணுக்கு வீடு தரமாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க? அதனாலதான் அவர் கையெழுத்துப் போட்டார். மூணு வருஷத்துல ஒரு ராத்திரிகூட அவர் அங்க படுத்ததில்ல."

"மெதுவா பேசும்மா," என்றார் மாமா.

வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவள் அவள். வெளிநாட்டில் ஒரு ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே ஒரு சின்ன ஃபிளாட்டும் பார்த்தாயிற்று. அந்த ஊர் ஏஜென்ட் கேட்பது ஒரே ஒரு கடிதம்: பழைய வீட்டுக்காரர் எழுதியது, ஆங்கிலத்தில், அவருடைய போன் நம்பரும் ஈமெயிலும் போட்டு. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் ஃபிளாட் அடுத்த ஆளுக்கு.

"அவ்வளவுதானே?" வீட்டுக்காரர் கடைக் கம்ப்யூட்டரைத் தட்டினார். அச்சடித்து நீட்டினார். 'எனக்குத் தெரிந்தவரின் அக்கா மகள். அடக்கமான பெண். எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுவாள்.'

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், அவங்க வீடு வாடகைக்கு விடறாங்க. பொண்ணு பார்க்க வரல."

மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தார்.

"எப்ப இருந்து எப்ப வரைக்கும் இருந்தேன், வாடகை ஒழுங்கா வந்துச்சா, காலி பண்ணும்போது வீடு எப்படி இருந்துச்சு, திரும்பவும் எனக்கு விடுவீங்களா. இதான் அவங்களுக்கு வேணும்."

"எழுதினா என் கதை கந்தலாயிடும்மா. குடியிருப்போர் சங்கத்துல, குடும்பத்துக்குத்தான் விடறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"அது உங்க பொய் சார். நான் ஏன் தூக்கிட்டு அலையணும்?"

அந்த நேரம் பார்த்து வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒரு நர்ஸ், கூட அவளுடைய அண்ணன். காலியான அதே வீட்டைக் கேட்டு வந்தவர்கள். வீட்டுக்காரர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் எரிந்தது.

"வாங்க, வாங்க! வீடா அது? கண்ணாடி! முன்னாடி ஒரு பொண்ணு மூணு வருஷம் இருந்துச்சு. சுவத்துல ஒரு ஆணி அடிக்கல. தேதி ஒண்ணு பொறந்தா வாடகை அக்கவுண்ட்ல விழுந்துடும். பக்கத்து வீட்டுல இருந்து ஒரு புகார் கிடையாது. அந்த மாதிரி ஆள் கெடைச்சா கண்ணை மூடிட்டுக் குடுப்பேன்!"

வாய் மூடுவதற்குள் அவருக்கே உறைத்துவிட்டது. மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பொண்ணு நான்தாங்க," என்றாள் அவள் நர்ஸைப் பார்த்து. பிறகு அவரிடம், "இப்ப சொன்னீங்களே, அதையே எழுதுங்க. ஒரு எழுத்து கூட்ட வேண்டாம், கொறைக்க வேண்டாம்."

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா விசிறிகளை எண்ணுவதுபோல அண்ணாந்துகொண்டார். நர்ஸ் கண் கொட்டாமல் நின்றாள்.

கடையின் பெயர் போட்ட தாளில் இம்முறை விஷயம் இறங்கியது. ஒப்பந்தம் மாமா பேரில். குடியிருந்ததும் தன் கணக்கிலிருந்து வாடகை கட்டியதும் இவள். வந்த மாதம், காலி செய்த மாதம். சேதம் இல்லை. மறுபடியும் விடுவேன். கடைசியில் 'அடக்கமான பெண்' என்று ஒரு வரி ஒட்டிக்கொண்டிருந்தது.

"அதை எடுத்துடுங்க."

"நல்லதுதானேம்மா சொல்லியிருக்கேன்!"

"எடுங்க சார்."

எடுத்தார். மறுபடி அச்சடித்துக் கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதினார். ஏஜென்ட் ஈமெயில் அனுப்பினால் இதையே பதிலாகச் சொல்வதாகவும் தலையாட்டினார்.

"அக்ரிமென்ட் அண்ணன் பேர்ல போட்டுக்கலாம்," என்று நர்ஸிடம் ஆரம்பித்தார்.

"குடியிருக்கப் போறது நான் சார்," என்றாள் நர்ஸ். "என் பேர்ல போடுங்க." அண்ணன் ஒதுங்கி அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

வீட்டுக்காரர் சோதிக்க மறுபடி எடுத்த பல்பை அப்படியே மேஜைமேல் வைத்தார்.

மாமா அவள் காதருகே குனிந்தார். "அங்கயும் நமக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார்மா. ஃபிளாட்டை அவர் பேர்ல எடுத்துட்டா ஒரு பாதுகாப்பு. நான் பேசட்டுமா?"

"என் பேர் மட்டும் போடச் சொல்லி காலையிலேயே ஏஜென்ட்டுக்கு எழுதிட்டேன் மாமா."

கடிதத்தை மடிக்காமல் கையில் பிடித்தபடி, தொங்கும் ஒயர்களை விலக்கிக்கொண்டு அவள் தெருவில் இறங்கி நடந்தாள்.