ஒரு கூரை, பன்னிரண்டு கதவு

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் கண்டியிலுள்ள எங்கள் மண்சரிவு ஆய்வுக் கிளையில் இலக்கு முறை வந்து இறங்கியது. அதற்காகச் சுவரில் ஒரு வரைபடம் மாட்டினார்கள். பெரஹெரா ஊர்வலத்துக்கு வருகிற யானையை அதன் பின்னால் ஒளித்து வைத்தால் பாகன்கூடத் தேடிக்கொண்டிருப்பான், அவ்வளவு பெரிது.

கிளைத் தலைவர் தாஸிம் ஒவ்வொரு கள உத்தியோகத்தராகக் கூப்பிட்டு எதிரே இருத்திப் பேசினார். மேலிருந்து திணிக்கக் கூடாதாம். இருவரும் பேசி உடன்பட வேண்டுமாம்.

"நீங்களே சொல்லுங்க யுகேஷ். மாசம் எத்தன வீடு பாப்பீங்க?"

"மலைக்கு ஏறினா ஒரு வீட்டுக்கே ஒரு நாள் போயிரும் சேர். அதுக்குக் கூடுதலா ஏதும் புள்ளி போடலாமா?"

"எண்ணக்கூடியதத்தான் போடலாம். எழுவது எண்டு போடுவமா?"

யுகேஷ் உடன்பட்டான். எதிரே கதிரையில் உட்கார்ந்திருப்பவன் வேறென்ன செய்வான்? எழுபதுக்குக் கீழே போனால் ஊக்கப்படி இல்லை. மாதக் கடைசியில் எல்லோர் முன்னிலையிலும் விசாரணை.

அன்றிலிருந்து உத்தியோகத்தர்கள் கலகெதரை டவுனை மொய்த்தார்கள். வீதியோரக் கடை வரிசை, தரையோ கோலிக்குண்டை வைத்தால் அசையாத சமதரை. ஆனால் ஒவ்வொரு கதவுக்கும் தனி இலக்கம். ஒரு பலசரக்குக் கடையை மூன்று பேர் மூன்று முறை சோதித்தார்கள். நான்காமவன் வந்தபோது கடைக்காரர் கடையையே அவனிடம் ஒப்படைத்துவிட்டு ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டார் என்பது கன்ரீனில் நான் பரப்பிய கதை. எல்லோரும் நம்பினார்கள்.

மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வடிவம்மா வருவாள். கொழுந்து பறிக்கிற கை, குரல் மட்டும் மேட்டு லயத்து வரிசை வீடுகளிலிருந்து கீழ் லயத்துக்குக் கேட்கும்.

"தம்பி, லயத்துக்குப் பின்னால மண்ணு வாய் தொறந்து கெடக்குது. என் கையி முழங்கை வரைக்கும் போகுது. வந்து ஒரு தடவ பாருங்க."

யுகேஷ் கெட்டவன் அல்ல. அதனால்தான் உண்மையைச் சொன்னான். "லயம் முழுக்க ஒரே கூரை, ஒரே இலக்கம். பன்னெண்டு குடும்பம் இருந்தாலும் எனக்கு ஒரு வீடுதாம்மா. ஒரு நாள் போயிரும்."

"இலக்கந்தான வேணும்?" என்றாள் அவள்.

அடுத்த வாரம் பன்னிரண்டு கதவிலும் வெள்ளைச் சுண்ணாம்பில் இலக்கம் போட்டு, தோட்டத் தலைவர் செல்லச்சாமியிடம் தனித்தனி வீடு என்று கடிதமும் வாங்கி வந்துவிட்டாள். தாஸிமுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஒரே ஏத்தத்துல பன்னெண்டு! இந்தப் பொம்புளய நம்ம ஆபீஸ்ல சேக்கணும்!"

யுகேஷ் ஜீப்பில் போனான். பன்னிரண்டு கதவென்றால் பன்னிரண்டு படிவம். ஒவ்வொன்றிலும் சுவர், தரை, கூரை, கதவுக்கு முன்னால் ஒரு படம். மூன்று மணிக்குள் இறங்கினால் வழியில் இன்னும் ஐந்து வீடு எடுக்கலாம்.

"பின்னால வாங்க தம்பி, வெடிப்பு அங்கதான் இருக்கு."

"இந்தா வாறேம்மா. இதை முடிச்சிட்டு."

பன்னிரண்டையும் முடித்தான். மழை இருட்டியது. சாரதி ஹோர்ன் அடித்தான். படிவத்தில் வீட்டுக்குப் பின்னாலுள்ள சரிவுக்கும் ஒரு கட்டம் உண்டு. வெறுமையாய் விட்டால் கணினி ஏற்காது. 'சாதாரணம்' என்று பன்னிரண்டு முறை தட்டினான்.

மாதம் முடியுமுன்னே அவன் எழுபத்தொன்று. எல்லோரும் கை தட்டினார்கள்.

ஐப்பசி மழை பிடித்ததும் வடிவம்மா நனைந்துகொண்டே வந்து நின்றாள். "இப்ப ஆளே எறங்கலாம் தம்பி, அவ்வளவு அகலம். நாங்க போய்த் தங்கப் பள்ளிக்கூடத்தத் தொறந்து குடுக்கச் சொல்லுங்க."

அபாயம் என்று அறிக்கை இருந்தால்தான் பள்ளிக்கூடம் திறப்பார்கள். யுகேஷ் தாஸிமிடம் ஓடினான். "நான் பின்னால போய்ப் பாக்கல்ல சேர். திருப்பிப் பாக்கணும்."

"திருப்பித் தொறந்தா பன்னெண்டும் கழியும். ஒங்களுக்கு அம்பத்தொம்பது. கிளையே நூறு வீதத்துக்குக் கீழ போயிரும். மாசம் முடியட்டும், புதுசாப் போடுவம்."

"அதுக்குள்ள விழுந்தா?"

"விழுந்தா நிவாரணக் கிளை. அவங்களுக்கு வேற இலக்கு."

யுகேஷ் வெளியே வந்து, "அடுத்த மாசம் வாறேம்மா" என்றான். அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, ஆட்கள் கொழுந்து மலைக்குப் போன பிறகு, லயத்தின் கடைசி நான்கு வீட்டுக் காம்பராவையும் மண் மூடியது. அதிலொன்றில், காய்ச்சலென்று வேலைக்குப் போகாமல் படுத்திருந்தாள் வடிவம்மாவின் மகள் சஞ்சீவனி.

நிவாரணக் கிளை பறந்து வந்தது. இரண்டு மணித்தியாலத்துக்குள் களத்தில் நிற்க வேண்டும் என்பது அவர்களுடைய இலக்கு. உண்மையாகவே நின்றார்கள். மண்வெட்டி ஏற்றிய லொறி பின்னால் வந்துகொண்டிருந்தது. அதற்கு இலக்கு ஏதுமில்லை.

வடிவம்மா வெறுங்கையால் சேற்றை வாரிக்கொண்டிருந்தாள். நிவாரணக் கிளை உத்தியோகத்தர் குடையோடு குனிந்து தாளை நீட்டினார்.

"அம்மா, நாங்க வந்த நேரத்தப் போட்டு ஒரு கையெழுத்து வைங்க."

அவள் திரும்பவில்லை. செல்லச்சாமி வாங்கிக் கையெழுத்து வைத்தார்.

அவள் தோண்டிக்கொண்டிருந்தாள்.