மதிலுக்குப் பின்னால்

அவனுக்குக் கோணல் என்று பெயர் வைத்தது அவனுடைய அக்காதான். சின்ன வயதில் அவன் வரைந்த வீடுகளெல்லாம் குடித்தவன் போலச் சாய்ந்து நிற்கும். வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் முன்னால் அந்தப் படங்களை விரித்துக் காட்டி, "எங்க கோணல் கட்டுற வீட்டுக்கு யாருமே குடி வர மாட்டாங்க" என்று அவள் சிரிக்க வைப்பாள். பெற்றவர்கள் போன பிறகு சோறு போட்டு வளர்த்தவள், பேரும் வைத்தாள். யார் கேட்க முடியும்? இன்று அவனுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. அந்தப் பெயருக்கு மட்டும் வயதாகவில்லை.

அவன் பிழைப்பே இப்போது கோடுகள்தான். இன்னும் கட்டாத கட்டடத்தை, இருக்கிற தெருவின் புகைப்படத்தில் கட்டியதுபோல் பொருத்திக் கொடுக்கும் நிறுவனத்தில் வேலை. கடைப் பலகையோ அடுக்குமாடியோ, கோணல் கை வைத்தால் ஒட்டு தெரியாது. ஆனால் பதவி உயர்வு என்று வந்தபோதெல்லாம் முதலாளி வேறு ஆளைத்தான் பார்த்தார்.

ஒரு நாள் முதலாளி ஒரு தெருவின் படத்தை அவன் திரையில் திறந்து வைத்தார். அது அக்காவின் தெரு.

நேராகப் போகும் தெரு, முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு மதில். மதிலுக்குப் பின்னால் பழைய கிடங்கின் காலி மனை. தெருவின் கடைசி வீடு அக்காவுடையது. அந்த மனையைப் பார்த்த ஜன்னலோரம்தான் மாமா படுத்திருக்கிறார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன மனிதர். காலையில் அந்த ஜன்னல் வழியாக வரும் வெயில்தான் அவருக்கு மருந்து, விருந்து, ஊர்வம்பு எல்லாம்.

"மதிலை ஒட்டியே அடுக்குமாடி வருது" என்றார் முதலாளி. "அனுமதிக் கூட்டத்துல காட்டணும். தெருக்காரங்க ஆட்சேபம் சொல்லுவாங்க. கொஞ்சம் அடக்கமா காட்டு. இது நல்லபடியா முடிஞ்சா இந்தப் பிரிவை நீதான் பார்த்துக்கணும்."

முதலில் அவன் உண்மையான படத்தைத்தான் செய்தான். இரண்டு பக்க வீடுகளின் கூரை விளிம்புகளையும் சாக்கடை ஓரங்களையும் கோடுகளாக நீட்டினான். எல்லாம் ஒரே புள்ளியில் போய்ச் சேர்ந்தன. அதுதான் மறைபுள்ளி, தெருவோடு இணையாக ஓடும் கோடுகள் எல்லாம் போய் மறையும் இடம். அதன் வழியாகக் குறுக்கே கண்மட்டக் கோட்டை இழுத்தான். தெருவில் நின்றவர்களின் கண்கள் எல்லாம், கிட்டே இருந்தவரும் சரி தூரத்தில் இருந்தவரும் சரி, அந்தக் கோட்டிலேயே வந்து விழுந்தன. கணக்கு சரி. மதிலின் உயரத்தை அளவுகோலாக வைத்து அதன் மேல் கட்டடத்தை ஏற்றினான். பக்கச் சுவரின் மாடி வரிகள் ஒழுங்காக மறைபுள்ளியை நோக்கி இறங்கின.

அசல் அளவில் அது பூதமாக நின்றது. வானத்தில் பாதியைக் காணோம்.

கோணல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கட்டடத்தை மட்டும் பிடித்து, மறைபுள்ளியை மையமாக வைத்து மெல்லச் சுருக்கினான். உச்சி இறங்கியது, அடி ஏறியது, ஜன்னல்கள் சிறுத்தன. ஒரு கோடு கூடப் பிசகவில்லை. கட்டடம் மனையின் பின்கோடிக்குத் தள்ளிப்போய் நிற்பதுபோல் ஆனது, அவ்வளவுதான். அதன் கால் எங்கே நிற்கிறது என்று யாரும் பார்க்க முடியாது, மதில் மறைத்துக்கொண்டது. தூரம் என்று நம்பவைக்க லேசாக மங்கலும் பூசினான்.

பாவம் என்று தோன்றியது. பரவாயில்லை என்றும் தோன்றியது. இரண்டாவதுதான் ஜெயித்தது.

கூட்டத்துக்கு முந்தின நாள் அக்காவே அவனைக் கூப்பிட்டனுப்பினாள். தெருக்காரர்களுக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்த படம் அவள் கையில் இருந்தது; ஆட்சேப மனுவும் எழுதி வைத்திருந்தாள். மனையை ஒட்டிய வீடு அவளுடையது, அவள் எதிர்த்தால் அனுமதி நின்றுபோகும்.

"டேய் கோணல், இந்தப் படம் நீ செஞ்சதாமே? நெஜமா இவ்வளவு தள்ளித்தான் வருதா?"

"படத்துலதான் இருக்கே."

"எனக்கு என்னடா தெரியும். மதிலுக்கும் கட்டடத்துக்கும் நடுவுல இடம் விடுறாங்களா?"

"தோட்டம் வருது" என்றான்.

"மாமாவுக்கு வெயில் வருமா?"

மாமா கட்டிலிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது.

"வரும்."

அக்கா மனுவை மடித்து மெத்தைக்கடியில் செருகினாள். "ஊரே பொய் சொன்னாலும் நீ எங்கிட்ட சொல்ல மாட்டே. தின்னுட்டுப் போடா, மூஞ்சி செத்துக் கெடக்கு" என்று தட்டை வைத்தாள். அவன் தின்றான். வயிறாரத் தின்றான்.

அனுமதி கிடைத்தது. கோணலுக்குத் தனி அறை கிடைத்தது. கட்டடம் எழும்ப எழும்ப அவன் அந்தத் தெருப்பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டான்.

கடைசியில் அக்காவே அவன் அலுவலகத்துக்கு வந்து நின்றாள். கையில் அந்தப் படம். மறைபுள்ளி இருந்த இடத்தில் குண்டூசி குத்தி, அதில் ஒரு தையல் நூலைக் கட்டியிருந்தாள்.

"படிக்கிற காலத்துல நீ நூல் கட்டி வரைவியே, ஞாபகம் இருந்துச்சு. ஒவ்வொரு கோடா இழுத்துப் பார்த்தேன்டா. ஒண்ணு கூடக் கோணல் இல்ல. அப்ப நீ சரியாத்தான் செஞ்சிருக்கே, அந்தத் திருட்டுப் பசங்கதான் தோட்டத்தை முழுங்கிட்டு மதிலோட ஒட்டிக் கட்டிட்டாங்க. மாமா அறையில பகல்லயே விளக்கு எரியுது. நீ வந்து அதிகாரிகிட்ட சொல்லு."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் அவனுக்குக் கிடைத்திருக்காது. அவன் அதைச் சொல்லாமல் எழுந்து கூடவே போனான்.

அதிகாரி கட்டடத்தின் வரைபடத்தை விரித்தார். "முதல்லயே மதிலை ஒட்டித்தான் அனுமதிம்மா. இந்த வரைபடம் அன்னைக்கே மேசையில இருந்துச்சே. ஆனா படத்துல தள்ளித் தெரியுது. யார் செஞ்சது?"

"என் தம்பி சார்" என்றாள் அக்கா. அந்தக் குரலில் அத்தனை பெருமையைக் கோணல் அதுவரை கேட்டதில்லை.

அதிகாரி அவனைப் பார்த்தார். தப்பு என்று சொன்னால் தனி அறை போகும், வேலை போகும், வழக்கும் வரும். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"படத்துல தப்பில்ல சார். கோடெல்லாம் அவங்களே நூல் பிடிச்சுப் பார்த்துட்டாங்க. தள்ளி இருக்குன்னு படத்துல எங்கயும் எழுதல. அவங்களுக்குப் படம் பார்க்கத் தெரியல."

அறையில் இருந்த யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒரு காலத்தில் உறவுக்காரர்கள் சிரித்த அதே சிரிப்பு. இந்தத் தடவை அது அவனைப் பார்த்து அல்ல. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவனுக்கு அது இனிக்கவும் செய்தது.

அக்கா நூலைக் குண்டூசியில் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். படத்தை மேசையிலேயே விட்டுவிட்டு நடந்தாள்.

அன்று சாயங்காலம் மனசு கேட்காமல் அவன் அவள் வீட்டுக்குப் போனான். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. உள்ளே மாமாவின் தலைமாட்டில் விளக்கு எரிந்தது. அவர் ஜன்னல் பக்கமே திரும்பிக் கிடந்தார், அந்தப் பக்கம் வெறும் சுவர். கதவருகே நிழல் கண்டு அக்கா நிமிர்ந்தாள். திட்டுவாள், தட்டை எடுத்து வீசுவாள், கோணல் என்று கத்துவாள் என்று அவன் காத்து நின்றான். அதற்காகவே வந்திருந்தான்.

அவள் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வாங்க" என்றாள். "உட்காருங்க."