பழைய கையெழுத்துதான் வேணுமாம்

வங்கிக்காரர்களுக்கு ஈவிரக்கமே கிடையாது என்று முணுமுணுத்தபடியே அவள் மறுபடியும் அந்த வங்கியின் படியேறினாள். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த கணவனுக்குப் பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது. பேச்சு குழறுகிற வெட்கத்தில் வாயே திறப்பதில்லை. பிசியோதெரபி மையத்தில் உடனே பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும். இப்போது விட்டால் அப்புறம் நடக்க வைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. சேமிப்போ அவன் ஒருவன் பெயரில். "என் பேரையும் சேருங்க" என்று அவள் தலைதலையாய் அடித்துக்கொண்டபோதெல்லாம் "பாத்துக்கலாம்" என்றே காலத்தை ஓட்டினான் மகராசன்.

இடது கையால் போட்ட கையெழுத்து பொருந்தவில்லை என்று செக் திரும்பியது. சரி, கையெழுத்தை மாற்றிக்கொள்கிறோம் என்றால், அந்தப் படிவத்திலும் பழைய கையெழுத்துதான் வேண்டுமாம்! சிரிப்பதா அழுவதா? இன்று செக்கில் அவளே போட்டுக் கொண்டுவந்துவிட்டாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குப் புருஷன் கையெழுத்து வராதா என்ன?

கவுன்ட்டரில் இருந்த பெண் அதிகாரி திரையில் இருந்த மாதிரிக் கையெழுத்தையும் செக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். அச்சு அசலாக இருந்தது. அதுதான் வினையாயிற்று.

"கை அசையலைன்னு டாக்டர் சர்டிபிகேட் நீங்கதானே கொடுத்தீங்க? இவ்வளவு அழகா யாரும்மா போட்டது?"

அதிகாரி செக்கைத் திருப்பி நீட்டினாள்.

"இதை உள்ள ஏத்தினா போலீஸ் வரைக்கும் போகும். கிழிச்சுப் போடுங்க."

"அப்ப அவர் கட்டில்லயே கிடக்கட்டுமா? உங்க சட்டம் நல்லா இருக்கட்டும்!"

அதிகாரியின் முகம் சிவந்தது. "நீங்க கையெழுத்து மாத்தணும்னு கேட்டீங்க, நாங்க அதுக்கு மட்டும் பதில் சொன்னோம். எங்க தப்புதான். கைரேகை வைக்கலாம்மா. பேங்க் ஆள் ஒருத்தர் நேர்ல பாக்கணும், எங்களுக்குத் தெரிஞ்ச வெளியாள் ஒருத்தர் சாட்சி போடணும். முன்னாடி நினைவில்லாத ஒருத்தர் விரலை வீட்டு ஆளுங்களே பிடிச்சு வச்சுட்டாங்க. அதை நம்பின எங்க சாருக்கு வேலையே போச்சு. அதான் இங்க எல்லாருக்கும் பயம்."

மாலையில் அதிகாரி கணக்கை முடித்து, தன் சாவியும் மேனேஜர் சாவியும் சேர்ந்தால்தான் பூட்டும் பெட்டகத்தைப் பூட்டிவிட்டு, மைப்பெட்டியோடு அவர்கள் வீட்டில் வந்து நின்றாள். அதே கிளையில் கணக்கு வைத்திருக்கும் எதிர்வீட்டு மெக்கானிக் சாட்சிக்கு வந்தார்.

"நீங்க தள்ளி நில்லுங்கம்மா. நடுவுல பேசக் கூடாது."

அவளுக்குச் சுருக்கென்றது. தன் வீட்டிலேயே தன்னைத் திருடியைப் போல நிறுத்துகிறார்களே!

அதிகாரி கட்டிலருகே குனிந்தாள். "ஐயா, இந்தப் பணத்தை எடுக்க உங்களுக்குச் சம்மதமா? யாராவது கட்டாயப்படுத்துறாங்களா?"

சம்மதம் என்று தலையசைத்தான். கட்டாயமில்லை என்றும் அசைத்தான்.

"யார் கையில கொடுக்கணும்?"

இதற்குத் தலையாட்டி என்ன பயன்? அவன் வாய் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது.

"அவ... கிட்ட. எல்லாமே... அவகிட்டதான்."

அவள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். நோய் விழுந்த நாளிலிருந்து அவன் பேசிக் கேட்டதே இல்லை. அதிகாரி அவன் இடது பெருவிரலை மையில் தோய்த்து ரேகை எடுத்தாள். மெக்கானிக்கும் அதிகாரியும் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

"முடிஞ்சதும்மா. நாளைக்குக் காலையில பணம் வாங்கிக்கலாம். இப்பப் பேசலாம் நீங்க."

"மேடம்," என்றாள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கடைசிக் கேள்வியை இன்னொரு தடவை கேளுங்களேன்."