பெட்டியில் இடமில்லை

தொண்ணூற்றொன்பது ஏப்ரலில் வந்த வைரஸ், பாளையங்கோட்டையில் நான் நடத்தும் டிடிபி கடையின் கம்ப்யூட்டரைத் தின்று ஏப்பம் விட்டது. என்னிடம் அடிக்கக் கொடுத்திருந்த வித்யாலக்ஷ்மியின் முனைவர் பட்ட ஆய்வேடு ஃபிளாப்பிகளில் பத்திரமாக இருந்தது. வேறு கம்ப்யூட்டர் வாங்கித் திறந்தால், பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் கொக்கியும் புள்ளியும்! அதை அடித்த எழுத்துரு வைரஸோடு போய்விட்டது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு கணக்கு. ஒன்றில் அடித்ததை இன்னொன்று படிக்காது.

மறுபடி அடிக்க நேரமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்காவிட்டால் அவளுடைய பதிவே ரத்து. ஆறு வருஷ உழைப்பு.

எழுத்துருவை இலவசமாகக் கொடுத்த இணையதளம் ஜெர்மனியில் இருக்கும் ஒரு தமிழருடையது. மேலப்பாளையத்தில் காஜா முகைதீன் அண்ணாச்சியின் எஸ்.டி.டி. பூத்தில்தான் எனக்கு இன்டர்நெட். போய் இறக்கப் பார்த்தால், "கோப்பு காணவில்லை" என்று வந்தது.

"இழவு புடிச்சவன்! இல்லாததுக்கு எதுக்குலே இணைப்பு வச்சிருக்கான்? நல்லா நாலு கேள்வி கேட்டு எழுதுதேன்" என்றேன்.

"அக்கா, நீங்க தள்ளுங்கோ" என்று வித்யா உட்கார்ந்தாள். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தாள்.

"ஐயா, வணக்கம். தங்கள் தளத்தின் எழுத்துருக்கள் பக்கத்தில் இரண்டாவது இணைப்பு வேலை செய்யவில்லை. 404 பிழை வருகிறது. புதிய பதிப்பைப் போட்டுப் பார்த்தோம். எழுத்துகள் இடம் மாறியிருக்கின்றன. எங்களுக்கு வேண்டியது பழைய 1.2 பதிப்பு. வேறு இடத்தில் நகல் இருந்தால் சொல்லுங்கள். அல்லது மின்னஞ்சலோடு இணைத்து அனுப்பினால் பெரிய உதவி. வெள்ளிக்கிழமை என் ஆய்வேட்டுக்குக் கடைசி நாள்."

கீழே பெயர், ஊர், பூத் போன் நம்பர் வரை போட்டாள். கல்யாணப் பத்திரிகையா அடிக்கிறாய் என்று கேட்டேன்.

அனுப்பியது காஜா அண்ணாச்சியின் மின்னஞ்சலில். அந்தத் தெருவுக்கே அந்த ஒரே பெட்டிதான்.

இரண்டு நாள் பதிலில்லை. புதன்கிழமை மதியம் நாங்கள் பூத்தில் இருக்கும்போதே போன் வந்தது. ஜெர்மனிக்காரர்!

"மூணு தடவை அனுப்பிட்டேம்மா. உங்க பெட்டி நிறைஞ்சிருக்குன்னு திரும்பி வந்துட்டுது. நான் ரெண்டு வாரம் வெளியூர் போறன். அரை மணி நேரத்தில இன்னொரு தடவை அனுப்பிட்டுக் கிளம்பிடுவன். இடம்..." என்றார். லைன் அறுந்தது.

பெட்டியைத் திறந்தோம். அதே தெரு ஷரீபா பீவி பெயருக்கு, சவூதியின் தம்மாமிலிருந்து வந்த போட்டோக்கள்தான் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன.

"அழிங்க அண்ணாச்சி!"

"அது அமானிதம்மா. நம்பி அனுப்புன பொருளு. அவ பாக்காம நான் தொட மாட்டேன்."

"உங்க கம்ப்யூட்டர்ல எடுத்து வச்சிட்டு அழிங்க."

"உங்க கம்ப்யூட்டர் போன கதி இதுக்கும் வந்தா? அவ மாப்ள முகம்மது இப்ராஹிம் கட்டடச் சாரத்துலேர்ந்து விழுந்துட்டான். காலை எடுத்துட்டதா ஊருக்குள்ள பேச்சு. நாலு நாளா சொல்லி விடுதேன், பயத்துல வர மாட்டேங்கா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் தெருவில் ஓடினேன். ஷரீபா பீவி பீடித் தட்டை மடியில் வைத்திருந்தாள். திட்டத்தான் போனேன். அந்த முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நானும் கூட இருக்கேன், வா தாயி" என்றேன். இலைத் தூளைக்கூடத் தட்டாமல் எழுந்து வந்தாள். வழியில் வித்யாவின் அவசரத்தைச் சொன்னேன்.

முதல் போட்டோவைத் திறந்தார் அண்ணாச்சி. அந்த லைனில் படம் மேலிருந்து கோடு கோடாகத்தான் இறங்கும். ஆஸ்பத்திரிச் சுவர் வந்தது. தலைமுடி வந்தது. முகம்! சிரித்துக்கொண்டிருந்தான். ஷரீபா என் கையைப் பிடித்தாள். சட்டை வந்தது, இடுப்பு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

கடிகாரத்தில் இன்னும் ஐந்து நிமிஷம். நிறுத்திவிட்டு அழிக்கச் சொல்ல வாயெடுத்தேன்.

"முழுசா வரட்டும் அக்கா" என்றாள் வித்யா. அவள் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

பைய, பைய இறங்கியது. ஒரு முழங்கால். மாவுக்கட்டு. பக்கத்தில் இன்னொரு கால், செருப்போடு.

"ரெண்டும் இருக்குல்லா?" என்றாள் ஷரீபா. "நல்லாப் பாத்துச் சொல்லுங்க, ரெண்டும் இருக்குல்லா?"

"இருக்கு தாயி, ரெண்டும் இருக்கு!" நான் கத்திய கத்தலில் அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவளாகவே அண்ணாச்சியிடம் சொன்னாள்: "அழிச்சிருங்க காக்கா. பாத்தாச்சு. அந்தப் புள்ளைக்கு இடம் வேணுமாம்ல."

காஜா அண்ணாச்சி ஒரு நகல் எடுத்துவிட்டு, போட்டோக்களை அழித்தார், குப்பையையும் காலி செய்தார். அரை மணி தாண்டி ஏழு நிமிஷம். பெட்டியைத் திறந்தால் ஒன்றுமில்லை. மறுபடியும் ஒன்றுமில்லை. வித்யா கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாம் முறை, அந்த ஜெர்மனிக்காரர் பிந்தி அனுப்பிய கடிதம் எழுத்துருவோடு வந்து உட்கார்ந்திருந்தது.

கடைக்கு வந்து எழுத்துருவைப் போட்டதும் கொக்கியும் புள்ளியும் தமிழாகிவிட்டன. வித்யா அழுதாள். "அழுறதுக்கு நேரமில்லட்டி, பேப்பரை எடுத்து வை" என்றேன்.

அவள் நன்றியுரைப் பக்கத்தைத் திறந்து, நெறியாளருக்கும் ஜெர்மனிக்காரருக்கும் கீழே ஒரு பெயரைச் சேர்த்தாள்: ஷரீபா பீவி, மேலப்பாளையம்.

"யாருன்னு கேப்பாங்கட்டி, என்ன சொல்லுவ?"

"எனக்கு இடம் கொடுத்தவங்கன்னு சொல்லுவேன்" என்றாள்.