பால்நிலவுக்கு எந்த அட்டை

மகன் குடியேறிய அமெரிக்கச் சிற்றூரான மான்மவுத் ஜங்ஷனில் விசாலாக்ஷிக்குப் பெயரே கிடையாது. சிலருக்கு அவர் மகாதேவனின் அம்மா, மற்றவர்களுக்கு வெறும் ஆன்ட்டி. ஒரு மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர், தம் வாழ்வின் இறுதிப் பகுதி முழுவதும் இவ்வாறு பொதுப்பெயராகவே கழிந்துவிடுமோ என்று அஞ்சியதில் வியப்பில்லை. ஆகவேதான், தமிழ்ச் சங்கம் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்குப் பாடத்திட்டக் குழுத் தலைவர் ஒருவரைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாள் முதல், அந்தப் பதவியின் மேல் அவர் கண்ணாக இருந்தார். வெளியில் மட்டும், “எனக்கெதற்கு அதெல்லாம்?” என்று சொல்லிக்கொண்டார். அதை யாரேனும் நம்பிவிடப் போகிறார்களே என்ற கவலையும் அவருக்கு இருந்தது.

தொண்ணூற்றேழாம் ஆண்டுப் பொங்கல் விழாவில் பெரியவர்களுக்கென்று ஒரு போட்டி வைத்தார்கள். கவிதை வரி ஒன்றைத் திரையில் காட்டுவார்கள். அது உவமையானால் பச்சை அட்டையையும், உருவகமானால் சிவப்பு அட்டையையும் தூக்க வேண்டும். உவமை என்றால் ஒப்பிடும் சொல்லான உவம உருபையும் சுட்டிக்காட்ட வேண்டும். நடுவர் விசாலாக்ஷி. சங்கத் தலைவர் கிட்டுசாமி, பொள்ளாச்சிக்காரர், தொலைபேசியில் மிகவும் பணிவாகச் சொன்னார்: “போட்டியை மட்டும் நல்லபடியா முடிச்சுக் குடுத்துருங்கம்மா. சாயங்காலமே கமிட்டி உட்காந்து பாடத்திட்ட விஷயத்தை முடிவு பண்ணிரலாம்னு இருக்கறோமுங்க.”

விசாலாக்ஷிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

போட்டியாளர்களுக்கு முன்கூட்டியே ஒரு தாளில் விதிகள் எழுதி அனுப்பினார். முதல் விதியை மிகவும் எளிமையாக எழுதினார். ‘போல, அன்ன, ஒப்ப, நிகர் முதலிய உருபு வந்தால் உவமை. வராவிட்டால் உருவகம்.’ தம் வகுப்பில் எந்த மாணவியாவது இப்படி எழுதியிருந்தால் எழுந்து நிற்கச் சொல்லியிருப்பார். ஆனால் சங்கத்தில் நிறைந்திருந்த கணினிக்காரர்களுக்கு இது போதும் என்று, தாம் ஏறி நின்ற உயரத்திலிருந்து அவர் கருணையோடு முடிவு செய்தார். திரையில் காட்டும் வரிகளையும் பிறரிடமிருந்து கடன் வாங்கவில்லை. தாமே இயற்றி, இதுவரை எவரும் படிக்கக் கேட்டிராத ‘பனிக்காலப் பாடல்கள்’ என்னும் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொண்டார். அவையைக் கட்டிப்போட்டுத் தம் கவிதையைப் படிக்க வைப்பதற்கு வேறு வழி அமையவில்லை.

விடைகளை அட்டவணையாக்கும் வேலையை மகாதேவன் ஏற்றுக்கொண்டான்.

“உருபு இருந்தா உவமை, இல்லேன்னா உருவகம். அவ்வளவுதானேம்மா? இது ஒரு இஃப், ஒரு எல்ஸ். சின்ன ப்ரோக்ராம் எழுதிடறேன்.”

வரிகளை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து ஓடவிட்டான். ‘கன்னக் குழியில் விழுந்த கண்ணீர்’ என்பது உவமை என்று வந்தது.

“எங்கேயடா இதில் உருபு?”

“கன்ன-ங்கிறதுக்குள்ள அன்ன இருக்கேம்மா.”

விசாலாக்ஷி அன்று மகனை அரைமணி நேரம் கடிந்துகொண்டார். உருபு சொல்லின் தொடக்கத்தில் வருகிறதா என்றும் பார்க்கும்படி அவன் ப்ரோக்ராமைத் திருத்தினான். ஒரு பிழையைப் பிடித்துவிட்ட பெருமிதத்தில், மற்ற விடைகளை அவர் பார்க்கவே இல்லை. பிறர் விடைத்தாளில் புள்ளி விடுபட்டாலும் விடாத கண்கள், தம் அட்டவணைக்கு வந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓய்வெடுத்தன.

விழா நாளில் பள்ளிக்கூடத்தின் உணவுக்கூடம் நிரம்பி வழிந்தது. வெளியே பனி கொட்டியது. உள்ளே வெண்பொங்கலின் நெய்மணம் பரவியிருந்தது. விசாலாக்ஷி மேசை மீது ஒரு பித்தளை மணியும் அட்டவணையும் வைத்துக்கொண்டு, தீர்ப்பு வழங்கப் பிறந்தவர் அமர்வதுபோல் அமர்ந்தார். முன்வரிசையில் கமிட்டி உட்கார்ந்திருந்தது.

முதலில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ‘வெள்ளித் தகடு போல் விரிந்தது ஏரி’ என்றதும் பச்சை அட்டைகள் எழுந்தன. ‘கோபத் தீயில் குளிர்காயும் உறவு’ என்றதும் சிவப்பு எழுந்தது. கோபமே தீ என்று ஆக்கிவிட்டதால் அது உருவகம். பிறகு, ‘அஞ்சல்காரன் இன்றும் மறந்தான் போலும்’ என்ற வரி வந்தது. மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரான ஜெயகுமாரி, நாகர்கோவில்காரி, பச்சையைத் தூக்கி, “போலும், ஆன்ட்டி!” என்று கூவினாள். மறுபக்கம் சுவாமிநாதன் எந்த அட்டையையும் தூக்காமல், “ரெண்டும் இல்ல ஆன்ட்டி. லெட்டர் வரலை, அவ்வளவுதான்,” என்றான். அவை சிரித்தது. அட்டவணை உவமை என்றது. விசாலாக்ஷி மணியடித்து ஜெயகுமாரிக்குப் புள்ளி கொடுத்தார்.

மற்றவர்கள் உதிர்ந்து, இவ்விருவர் மட்டுமே சமநிலையில் எஞ்சினார்கள். பரிசு ஓர் இட்லிக் குக்கர். கடைசி வரி திரையில் எழுந்தது.

‘பால்நிலவு படிந்த பனித்தெரு.’

சுவாமிநாதன் சிவப்பு. ஜெயகுமாரி பச்சை.

“உருபு இல்ல, ஸோ உருவகம். ஆன்ட்டி குடுத்த ரூலே அதுதான்,” என்றான் சுவாமிநாதன்.

அட்டவணையும் அதையே சொன்னது. மணி ஒலித்தது.

“ஆன்ட்டி, ஒரு நிமிஷம்,” என்று ஜெயகுமாரி ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டாள். “நான் ஒத்துக்க மாட்டேன்.”

“நடுவர் தீர்ப்பே இறுதியானது. விதி ஏழு.”

“விதி இருக்கட்டும். இது உவமைதான்.”

“அப்படியானால் உவம உருபைக் காட்டுங்கள்.”

“மறைஞ்சிருக்கு.”

சுவாமிநாதன் கைகொட்டினான். “மறைஞ்சிருக்கிறதை எப்படிக் காட்டுவாங்க? என் ப்ரோக்ராம்ல வர்ற தப்பும் இப்படித்தான், கஸ்டமர் கண்ணுக்கு மட்டும் தெரியும்!”

“நீங்க சும்மா இருங்க சார்.” ஜெயகுமாரி நடுவரைப் பார்த்துத் திரும்பினாள். “ஆன்ட்டி, பால் மாதிரி நிலா. அந்த ‘மாதிரி’யை மட்டும் தூக்கிட்டீங்க, ஒப்பிடறது அப்படியே இருக்கு. நிலாவே பாலா மாறி டம்ளர்ல வந்தா உருவகம்னு சொல்லலாம். இங்க நிலா நிலாவாத்தான இருக்கு?”

விசாலாக்ஷி நிமிர்ந்தார். கல்லூரியில் எத்தனையோ பேரை ஒரே வாக்கியத்தால் அமர வைத்த குரல் கிளம்பியது.

“அம்மா ஜெயகுமாரி, உணர்ச்சியால் இலக்கணத்தைத் தீர்மானிக்க முடியாது. இரண்டு சொற்களும் எந்த வரிசையில் நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். உருவகமானால், சொல்லவந்த பொருள் முன்னே நிற்கும், ஒப்பாகச் சொல்வது பின்னே வரும். நிலவாகிய பால், அதாவது நிலவுப்பால். அதுவே முன்பின்னாக, பால்நிலவு என்று…”

அங்கே நின்றுவிட்டார்.

வாக்கியம் பாதியிலேயே திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பால் முன்னே இருந்தது. நிலவு பின்னே இருந்தது. பால் போன்ற நிலவு. உருபு மறைந்து நிற்கும் உவமைத்தொகை. முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய பாடம். அதுமட்டுமா, வரியே அவருடையது! ஒரு பனிக்கால இரவில் சன்னலருகே நின்று, நிலவு பாலைப் போல் வெளுத்திருக்கிறது என்றுதான் எழுதினார். தாம் எழுதிய வரிக்குத் தாமே பொருள் தெரியாமல், அதை ஓர் இஃபிடமும் ஓர் எல்ஸிடமும் ஒப்படைத்திருந்தார்.

முன்வரிசையில் கிட்டுசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இப்போது இரும வேண்டும், விதி ஏழைக் காட்ட வேண்டும், குக்கரைச் சுவாமிநாதனிடம் கொடுக்க வேண்டும். சாயங்காலம் பதவி கிடைக்கும். அங்கிருந்த எவருக்கும் ஐயம் எழாது, ஜெயகுமாரியைத் தவிர. அவளுக்கோ மறுநாள் காலை அறுவை சிகிச்சைகள் காத்திருந்தன; மறந்துவிடுவாள்.

விசாலாக்ஷி இருமியும் பார்த்தார். இருமல் முடிந்ததும் வாய் தானாகவே தொடர்ந்தது.

“பால்நிலவு என்று நின்றால் அது உவமை. உருபு தொக்கி நிற்கிறது. நான் அனுப்பிய விதி தவறு. அட்டவணை தவறு. ஜெயகுமாரி சொன்னதே சரி.”

கைதட்டல் எழுந்தது. கிட்டுசாமி முகம் மலர்ந்து, குக்கரைத் தூக்கிக்கொண்டு மேடையேறினார். அவ்வளவில் நின்றிருந்தால் விசாலாக்ஷி அன்று ஒரு தெய்வப்பிறவியாகவே வீடு திரும்பியிருப்பார்.

“உட்காருங்கள். முடியவில்லை,” என்றார் அவர். “மறந்தான் போலும் என்ற வரிக்கு ஜெயகுமாரிக்குக் கொடுத்த புள்ளியும் தவறு. அங்கே ‘போலும்’ எதையும் எதனோடும் ஒப்பிடவில்லை. வெறும் ஊகம். இரண்டும் இல்லை என்ற சுவாமிநாதனே சரி. அவர் விளையாட்டாகச் சொல்லியிருந்தாலும் சரியானது சரிதான்.”

“ஐயோ ஆன்ட்டி, நான் ஜெயிச்சிட்டேன்னு நினைச்சேனே!” என்றாள் ஜெயகுமாரி.

“அட்டை தூக்காததால் சுவாமிநாதனுக்குப் புள்ளி இல்லை; உங்களிடமிருந்து ஒன்றைக் கழித்தால் மறுபடியும் சமநிலை. மற்ற வரிகளையும் முதலிலிருந்து பார்த்துவிடுவோம்.”

“அம்மா,” என்று கிட்டுசாமி காதருகே குனிந்தார், “பொங்கல் கட்டியாயிட்டிருக்குதுங்க.”

“ஆகட்டும்.”

பார்த்தார்கள். ஒவ்வொரு வரியாக, பொருள் எது, ஒப்பாவது எது, உருபு எங்கே என்று பார்த்தார்கள். குழந்தைகள் அழுதன. பின்வரிசை மெல்ல எழுந்து உணவு மேசைப் பக்கம் நகர்ந்தது. வேறு பிழை எதுவும் அகப்படாததில் நடுவருக்குச் சற்று ஏமாற்றம்கூட உண்டானது. சமநிலையைத் தீர்க்க, நகரும் கூட்டத்தைப் பார்த்து அங்கேயே ஒரு வரி கட்டினார்: ‘பசிப்புலி பாய்ந்தது வரிசையில்.’

இரண்டு சிவப்பு அட்டைகளும் ஒருசேர எழுந்தன. “பசியே புலி,” என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஒரு வரிக்கு மட்டும் அவை முழுமனதோடு கைதட்டியது.

கிட்டுசாமி பொறுமையிழந்து, குக்கரை ஜெயகுமாரியிடமும் உள்ளிருந்த இட்லித் தட்டுகளைச் சுவாமிநாதனிடமும் கொடுத்துப் போட்டியை முடித்தார்.

இரவு தொலைபேசி வந்தது. “தப்பு யாருக்கும் வருமுங்கம்மா, அதைப் பத்தி ஒண்ணுமில்லீங்க,” என்றார் கிட்டுசாமி. “ஆனா உங்க தப்பையே இந்தப் போடு போடறீங்க. எங்க பசங்க தப்பை என்ன பண்ணுவீங்களோன்னு பேரன்ட்ஸ் எல்லாம் மெரண்டுட்டாங்க. அதனால ஜெயகுமாரியைத் தலைவியாப் போட்டுட்டோமுங்க.”

“நல்லது,” என்றார் விசாலாக்ஷி. தொலைபேசியை வைத்த பிறகு, அந்தச் சொல்லில் உருபு எதுவும் மறைந்திருந்ததா என்று சிறிது நேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஜெயகுமாரியே அழைத்தாள். “ஆன்ட்டி, பாடத்திட்டம்னா எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை. சனிக்கிழமை காலையில நானே டிரைவ் பண்ணி வந்து உங்களைப் பிக்கப் பண்ணிக்கிறேன். நீங்க பார்க்காம ஒரு பக்கம்கூட வெளிய போகாது.”

“நான் கண்டிப்பானவள். பெற்றோர் மிரள்வார்கள்.”

“அவங்ககிட்ட நான் சிரிச்சுப் பேசிக்கிறேன். தப்பை நீங்க பிடிங்க.”

சனிக்கிழமை விசாலாக்ஷி விடிந்ததுமே கோட்டு அணிந்து, காலணியும் மாட்டி, சன்னலருகே நின்றார். சொன்ன நேரம் தாண்டியது. தெரு வெறிச்சென்றிருந்தது.

“மறந்துவிட்டாள் போலும்,” என்றார், தம்மையறியாமல்.

காப்பிக் கோப்பையோடு வந்த மகாதேவன், “அம்மா, இது உவமையா?” என்றான்.

“ஊகம். அதுவும் தவறான ஊகம்,” என்று சொல்லிவிட்டு, விசாலாக்ஷி கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். தெருமுனையில், பனியில் வழுக்கிக் கோணலாகத் திரும்பிய ஜெயகுமாரியின் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.