தோல் குஞ்சத்துக்கு ஒன்றரைப் பக்கம்

மேகலாவின் விடைத்தாள் நகல் தபாலில் வந்தபோது அவள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருந்தாள். எழுபத்தைந்துக்கு இருபத்தேழு. பாஸாக முப்பது வேண்டும். பி.ஏ. வரலாற்றில் பாக்கி நிற்பது இந்த ஒரு பேப்பர்தான். அவள் பேட்ச்சுக்கு இன்னும் ஒரு தடவைதான் எழுத விடுவார்கள். கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்கு டிகிரி கேட்கிறார்கள். தேறாத ஷூக்களுக்கு நான்கு வருடமாக ரிஜெக்ஷன் சீட்டு எழுதுகிறவளுக்கு அந்த மூன்று மார்க்கின் அளவு தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தோழி இரம் வந்தாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இரம் பாஸாகி இப்போது வாணியம்பாடியில் ஒரு பள்ளியில் பாடம் எடுக்கிறாள். நகலைப் புரட்டியவள் சிரித்தாள்.

"இன்னாடி சிரிப்பு?"

"வேலூர் புரட்சிக்கு காரணம் கேட்டான். நீ தலைப்பாகையில வெச்ச தோல் குஞ்சத்த பத்தி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்க. மாட்டுத்தோலா, பன்னித்தோலா, பதம் பண்ணதா வரைக்கும். தோலுன்னு பாத்ததும் குஷியாயிட்ட."

"அதானே காரணம்? குஞ்சம் வெக்கச் சொன்னான், தாடிய எடுக்கச் சொன்னான், நெத்தியில இடாதன்னான். சிப்பாய்ங்க எழுந்தானுங்க."

"அது ஆயிரத்து எண்ணூத்தாறுல ஏன் வெடிச்சுதுன்னு சொல்லுது. வெடிக்கிற அளவுக்கு ஏன் இருந்துச்சுன்னு எங்க எழுதின? சம்பளம் கம்மி, மேல ஏற முடியாது, திப்பு புள்ளைங்கள கோட்டையிலயே வெச்சிருந்தான், பாளையக்காரனுங்க சொத்து போச்சு. இதெல்லாம் ஒரே வரி. பத்துக்கு ரெண்டு போட்டது ஜாஸ்தி."

மேகலாவுக்குக் கோபம் வந்தது. இரம் சொன்னது சரி என்பதால் வந்த கோபம். ரிஜெக்ஷன் சீட்டில் காரணத்துக்கு ஒரே கட்டம். 'தையல் விட்டது' என்று எழுதிவிட்டு அடுத்த ஜோடியை எடுக்க வேண்டும். நூல் ஏன் பலவீனமானது, மெஷின் எத்தனை மாதமாகத் தகராறு என்று யாரும் கேட்பதில்லை. கடைசியாகக் கண்ணில் பட்டதை எழுதுவது கைக்குப் பழகிவிட்டது.

"இன்னா பண்றது?" என்றாள்.

"ரஃபுல ஒரு கோடு போடு. ரெண்டு பக்கம். ஒரு காரணத்த எடுத்துட்டா அன்னிக்கு சண்ட நடந்திருக்காது, ஆனா கோபம் அப்டியே இருக்கும்னா, அது உடனடிக் காரணம். மீதியெல்லாம் இடது பக்கம். அந்தப் பக்கத்த மொதல்ல எழுது."

பரீட்சை வேலூரில், காலை பத்து மணிக்கு. சின்னக் கேள்விகளில் நேரத்தைக் கொட்டிவிட்டாள். கடைசிப் பத்து மார்க் கேள்விக்கு வந்தபோது இருபத்தைந்து நிமிடம் மிச்சம். 1857 புரட்சிக்கான நீண்டகாலக் காரணங்களையும் உடனடிக் காரணத்தையும் வேறுபடுத்தி விளக்க வேண்டும்.

பேனா தானாக 'கொழுப்பு' என்று எழுதியது. தோட்டாவில் தடவிய மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும். அதில் அவளால் இரண்டு பக்கம் எழுத முடியும். எழுதியதை அடித்துவிட்டு, தாளின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டாள்.

நாடு பிடிக்கும் கொள்கை, நிலவரி, சிப்பாய் சம்பளம், மதம் போய்விடுமோ என்ற பயம்: இடப்பக்கம். தோட்டா வலப்பக்கம். அவத் நாட்டைக் கைப்பற்றியது மட்டும் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றது. வெள்ளைக்காரன் 1856இல் பிடித்தான், புரட்சிக்கு ஒன்றேகால் வருடம்தான் முந்தி. கிட்டத்தில் நடந்ததெல்லாம் உடனடிக் காரணமா? அவத்தைப் பிடித்த அன்று யாரும் சுடவில்லை. சிப்பாய்களில் நிறையப் பேர் அந்த ஊர்க்காரர்கள், கோபம்தான் ஏறியது. இடப்பக்கம் போட்டாள். நான்கு நிமிடம் போய்விட்டது.

இடப்பக்கத்தை வரிசையாக எழுதினாள். ஒவ்வொன்றின் முடிவிலும் அது யாரை எப்படிப் புண்படுத்தியது என்று ஒரு வரி. எச்சரிக்கை மணி அடித்தது. ஐந்து நிமிடம். தோட்டா இன்னும் எழுதவில்லை.

பக்கத்துப் பெண் கூடுதல் தாளைக் கட்டிக்கொண்டிருந்தாள். மேகலாவுக்குத் தோட்டாவை விரித்து எழுதக் கை அரித்தது. ஆறு வரிதான் எழுதினாள். ஏற்கெனவே இருந்த மத பயத்துக்குத் தோட்டா ஓர் உருவம் கொடுத்தது, மீரட்டில் அதைத் தொட மறுத்த எண்பத்தைந்து பேருக்கு மே ஒன்பதாம் தேதி விலங்கு போட்டார்கள், மறுநாள் வெடித்தது. ஆனால் முந்தைய கோபங்கள் இல்லாமல் மீரட்டோடு அது நின்றிருக்கும். அந்தக் கடைசி வரிக்கு முற்றுப்புள்ளி வைக்கும்போது கண்காணிப்பாளர் தாளை இழுத்துவிட்டார்.

"இன்னாடி எழுதின?" என்று போனில் கேட்டாள் இரம்.

"தோட்டாவுக்கு ஆறு வரி."

"மீதி?"

"மூணு பக்கம்."



இரண்டு மாதம் கழித்து, செக்கிங் டேபிளில் சாப்பாட்டு நேரத்தில் ரிசல்ட் பார்த்தாள். முப்பத்திரண்டு. பக்கத்தில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்த ஜாஸ்மின், "தப்பிச்ச போ" என்றாள். மேகலா மார்க்கை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு எழுந்து, சூப்பர்வைசர் வேலைக்கு விண்ணப்பம் எங்கே வாங்க வேண்டும் என்று கேட்கப் போனாள்.